ஒரு பெட்டி எத்தனை நாளுக்கு? கொழும்புச் சிறுகடைகளும் பொதியளவுக் கொள்முதலும்

(வெள்ளவத்தையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். இடையே சொன்ன சில கிளைச் செய்திகளும் இறுதியில் நடந்த கேள்வி பதிலும் நீக்கப்பட்டுள்ளன.)



கடை நடத்தி வாழ்ந்த ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே கடைக்கணக்கையே பேசலாம் என்று முடிவு செய்தேன். அதிலும் கொழும்பின் சிறிய பலசரக்குக் கடைகள் ஒவ்வொரு வாரமும் சந்திக்கும் ஒரே ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் உள்ள கடைக்கு நிறுவனத்தின் ரெப் வருகிறார். கடைக்காரர் தட்டைப் பார்க்கிறார். ஒரு ஷம்பூவில் இரண்டு போத்தல்தான் மிச்சம். நாலு போத்தல் போதும் என்கிறார். "பெட்டியாத்தான் போடலாம் முதலாளி, உடைச்சுத் தர ஏலாது" என்கிறார் ரெப். பெட்டியில் இருப்பது 24. நாலு கேட்டவர் ஒன்றில் 24 எடுக்க வேண்டும், அல்லது எதுவும் எடுக்காமல் விட வேண்டும். இதைப் பொதியளவுக்கு முழுமையாக்குதல் என்று சொல்லலாம். இதனுடன் இன்னொரு நிபந்தனையும் சேரும். மொத்த பில் இத்தனை ரூபாய்க்குக் குறைந்தால் வான் வராது. இது குறைந்தபட்ச கொள்முதல்.

இவற்றால் கடைக்காரர் தேவைக்கு மேல் வாங்குகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி. மெல்ல ஓடும் சரக்கின் பெட்டி, வேகமாக ஓடும் சரக்குக்குரிய காசை விழுங்குகிறது. ஆகவே பெட்டியளவால் வரும் பெரிய நட்டத்தை, தூசி படிந்து நிற்கும் போத்தல்களில் தேடக்கூடாது. வெறுமையாகக் கிடக்கும் சவர்க்காரத் தட்டில் தேட வேண்டும். இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு கருத்தைத்தான் நிறுவ முயல்கிறேன். நான் தரும் விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. வீட்டுக்குப் போய் உங்கள் பில்லில் உள்ளவற்றைப் போட்டுப் பாருங்கள்.

1. அளக்க வேண்டியது பெட்டியின் நாட்கள்

ஒரு பெட்டி பெரியதா சிறியதா என்பதை உள்ளே எத்தனை இருக்கிறது என்று எண்ணித் தீர்மானிக்க முடியாது. அது எத்தனை நாளில் விற்றுத் தீரும் என்று கேட்க வேண்டும்.

இரண்டு சரக்கை எடுத்துக்கொள்வோம். சலவைச் சவர்க்காரம் பெட்டிக்கு 60 கட்டி. கடையில் நாளுக்கு 20 கட்டி போகிறது. பெட்டியின் ஆயுள் மூன்று நாள். ஷம்பூ பெட்டிக்கு 24 போத்தல். வாரத்துக்கு இரண்டு போகிறது. பெட்டியின் ஆயுள் பன்னிரண்டு வாரம், அதாவது 84 நாள். 60 உள்ள பெட்டி சிறியது, 24 உள்ள பெட்டிதான் பெரியது.

ரெப் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். ஒரு பெட்டியின் நாட்கள் அந்த ஏழு நாளுக்குள் அடங்கினால் முழுமையாக்குதலால் பெரிய கேடு இல்லை. இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் அடுத்த வாரம் ஒரு பெட்டி குறைத்து எடுக்கலாம், கணக்கு நேராகிவிடும். 84 நாள் ஓடும் பெட்டியில் அப்படி நேராக்க இடமில்லை. அங்கே எவ்வளவு வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது விற்பனையும் அல்ல, கடைக்காரரும் அல்ல. பெட்டிதான்.

இதற்குக் கணித அடிப்படை பழையது. எத்தனை எண்ணம் ஒரே தடவையில் எடுப்பது சிக்கனம் என்ற கேள்விக்கு அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் விட்மன் ஹாரிஸ் 1913 இல் ஒரு சூத்திரம் தந்தார். ஓடர் போடும் செலவையும் வைத்திருக்கும் செலவையும் சேர்த்து மிகக் குறைவாக்கும் அளவை அது சொல்லும். அந்தச் சூத்திரத்தில் நமக்கு உதவும் ஒரு குணம் உண்டு. சரியான அளவைப் போல இரண்டு மடங்கு வாங்கினால் அந்தச் செலவு 25 சதவீதம்தான் கூடும். ஆனால் ஐந்து மடங்கு வாங்கினால் செலவு 2.6 மடங்காகும். சிறு பிழையைப் பொறுக்கும், பெரும் பிழையைப் பொறுக்காது. எல்லாப் பெட்டியையும் எதிர்த்து நிற்கத் தேவையில்லை என்பதும், எந்தப் பெட்டியில் எதிர்த்து நிற்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகின்றன.

2. விழுங்கப்படும் காசு யாருடையது

அந்தக் கடையின் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கணக்கிடுவோம். விநியோகஸ்தர்களுக்குக் கொடுக்கக் கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. சவர்க்காரம் 20 கட்டி மிச்சம். வாரத்துக்கு 140 வேண்டும், ஆகவே இரண்டு பெட்டி எடுக்க வேண்டும். கட்டி 150 ரூபாய், பெட்டி 9,000. இரண்டுக்கும் 18,000.

அதே நாளில் இரண்டு மெல்லோட்டச் சரக்குகள் தீரும் நிலையில் உள்ளன. இரண்டும் ஷம்பூ மாதிரியே, போத்தல் 500 ரூபாய், பெட்டி 12,000. இரண்டு பெட்டிக்கு 24,000 போய்விட்டால் மிச்சம் 16,000. அதில் சவர்க்காரம் ஒரு பெட்டிதான் எடுக்கலாம். மேலே 7,000 ரூபாய் நின்றாலும் இரண்டாவது பெட்டிக்கு அது போதாது. சவர்க்காரமும் பெட்டியாகத்தான் வரும் அல்லவா?

விளைவைப் பாருங்கள். கையிருப்பு 20, வந்தது 60, மொத்தம் 80 கட்டி. நாலு நாளில் தீர்ந்துவிடும். அடுத்த மூன்று நாள் சவர்க்காரம் இல்லை. விற்காமற் போனது 60 கட்டி. கட்டிக்கு 12 ரூபாய் இலாபம் என்றால் 720 ரூபாய் போய்விட்டது. மறுபக்கத்தில், அந்த இரண்டு சரக்கிலும் வாரத் தேவை 2,000 ரூபாய்க்குத்தான். 22,000 ரூபாய் தேவைக்கு முன்னதாகவே முடங்கியது. ஆண்டுக்கு 20 சதவீத வட்டி போட்டால், அந்த ஒரு வாரத்துக்கு 85 ரூபாய்.

முடங்கிய காசின் வட்டி 85, சவர்க்காரத்துக்குக் காசு இல்லாததால் போன இலாபம் 720. பெட்டியளவின் நட்டத்தை வட்டியாக மட்டும் எழுதுகிறவர்கள் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் எழுதுகிறார்கள். சவர்க்காரம் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய், அங்கேயே பருப்பும் சீனியும் வாங்கிக்கொண்டு போவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவும் இல்லை.

இனி ஒரு கடை முழுவதையும் பார்ப்போம். இப்படி மெல்ல ஓடும் சரக்கு நூறு வகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் சராசரி விலை 6,000. பெட்டி வந்த நாளில் முழுதாகவும் தீரும் நாளில் வெறுமையாகவும் இருப்பதால் சராசரியாகப் பாதிப் பெட்டி இருப்பில் நிற்கும். நூறு வகைக்கும் சேர்த்து மூன்று இலட்சம். அதே சரக்கைக் காற்பெட்டியாக வாங்க முடிந்தால் 75,000 போதும். இடையிலுள்ள 2,25,000 ரூபாய்க்குத்தான் அந்தக் கடைக்காரர் வேகச் சரக்கில் ஏழையாக இருக்கிறார்.

இலங்கையில் இந்தக் காசின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் அண்மையில் கண்டோம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தி 14.5 ஆக்கியது. 2023 மார்ச்சில் அது 16.5 ஆனது. மேலதிகப்பற்றில் ஓடிய கடைகளுக்கு வட்டி அதற்கும் மேலே போனது. அதே காலத்தில் பொருட்களின் விலையும் ஏறியதால், பெட்டிக்குள் அதே 24 போத்தல் இருந்தும் பெட்டியின் விலை பெருத்தது. பெட்டியளவு மாறாமலே அதன் சுமை கூடிய காலம் அது.

இந்த நோய் கடையில் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ரெப் வருவதற்கு முந்திய நாள் தட்டைப் பாருங்கள். வெறுமையாகக் கிடப்பவை எல்லாம் நாளாந்தம் போகும் சரக்காகவும், பரணில் உள்ளவை எல்லாம் மாதக்கணக்கில் போகும் சரக்காகவும் இருந்தால், அந்தக் கடையின் கொள்முதலைப் பெட்டி நடத்துகிறது.

3. முழுமையாக்கும் விதியில் ஒளிந்திருக்கும் பிழை

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சிறு சுப்பர் மார்க்கட்டுகள் பலவற்றில் இப்போது கணினிதான் கொள்முதல் பட்டியலைத் தருகிறது. ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் இலக்கு இருப்பு வைப்பார்கள். இலக்கில் கையிருப்பைக் கழித்தால் தேவை. தேவையைப் பெட்டியால் வகுத்து முழுமையாக்குவார்கள். எப்படி முழுமையாக்குவது என்பதில்தான் சிக்கல். மேல்நோக்கியும் செய்யலாம், கிட்டிய முழு எண்ணுக்கும் செய்யலாம்.

நமது ஷம்பூவுக்கு இலக்கு 8, பெட்டி 24. கையிருப்பு பூச்சியம் என்று வைத்து இரண்டு விதியையும் விரிதாளில் எழுதினால் இப்படி வரும்:

```
=ROUNDUP((8-0)/24,0)*24   → 24
=ROUND((8-0)/24,0)*24     → 0
```

இரண்டாவது விதியைக் கவனியுங்கள். போத்தல் ஒன்றும் இல்லை, ஆனாலும் கணினி வாங்கச் சொல்லவில்லை. இலக்கு பெட்டியின் பாதிக்குக் குறைவாக இருக்கும் எந்தச் சரக்குக்கும் இந்த விதி ஒருநாளும் ஓடர் போடாது. தட்டு காலியாகவே கிடக்கும். காலித் தட்டில் விற்பனை நடக்காது. விற்பனை இல்லை என்று பார்க்கும் கணினி அடுத்த மாதம் இலக்கை இன்னும் குறைக்கும். கடைசியில் "இது இங்கே ஓடாத சரக்கு" என்று பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்த சரக்கை விதிதான் கொன்றது என்பது யாருக்கும் தெரியாது.

மேல்நோக்கி முழுமையாக்கினால் இந்த ஆபத்து இல்லை, ஆனால் வேறொன்று வரும். இலக்கு 8, கையிருப்பு 7 என்றால் தேவை ஒன்று. அந்த ஒன்றுக்காக 24 வந்து இறங்கும். இருப்பு 31. தேவையான காலத்துக்கு மூன்று வாரம் முந்தியே காசு போய்விடும்.

இரண்டுக்கும் மருந்து இலக்கை விட்டுவிட்டு எல்லை ஒன்றை வைப்பது. கையிருப்பு இந்த எல்லைக்கு இறங்கினால் மட்டும் ஒரு பெட்டி எடு, அதற்கு மேல் இருந்தால் எதுவும் எடுக்காதே. ரெப் அடுத்த முறை வர ஏழு நாள், சரக்கு வந்து சேர இரண்டு நாள், ஆக ஒன்பது நாளில் சுமார் மூன்று போத்தல் போகும். எதிர்பாராத ஒரு வாடிக்கையாளருக்காக ஒன்று சேர்த்தால் எல்லை நாலு. எப்போது வாங்குவது என்பதை விற்பனை தீர்மானிக்கட்டும், எவ்வளவு என்பதைப் பெட்டி தீர்மானித்துக்கொள்ளட்டும். கணினி இல்லாத கடையிலும் இதைச் செய்யலாம். தட்டின் விளிம்பில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவிட்டால் போதும்.

4. குறைந்தபட்ச பில்லை எதனால் நிரப்புவது

விநியோகஸ்தர் 15,000 ரூபாய்க்குக் குறைந்த பில்லுக்கு வான் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரத் தேவை 9,000. இன்னும் 6,000 சேர்க்க வேண்டும். மாதக் கடைசியில் இலக்கை முடிக்க வேண்டிய ரெப், புதிதாக வந்த ஒரு சரக்கைக் காட்டுவார். கடைக்காரரும் "எப்படியும் நிரப்பத்தானே வேண்டும்" என்று எடுப்பார்.

குறைந்தபட்ச பில்லால் வரும் கேடு அதன் தொகையில் இல்லை, அதை நிரப்பும் சரக்கில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் சவர்க்காரத்தில் 9,000 ரூபாய்ப் பெட்டி ஒன்றைக் கூடுதலாக எடுத்தால், அது மூன்று நாள் விற்பனை. அடுத்த வாரம் எடுக்க வேண்டியதை இந்த வாரமே எடுத்ததாகிறது, அவ்வளவுதான். அந்த 6,000 ஐ ஓடுமா ஓடாதா என்று தெரியாத சரக்கில் போட்டால் மூன்று மாதம் திரும்பி வராது.

வேகச் சரக்கு இல்லாத நிறுவனமாக இருந்தால், வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குவது நல்லது. அப்போது முன் சொன்ன எல்லை நாலு என்பதை ஆறாக உயர்த்த வேண்டும். கூடுதலாக நிற்கும் இரண்டு போத்தல், வேண்டாத ஒரு பெட்டியை விட மலிவு.

5. உடைத்து வாங்குவதன் விலை: கொட்டாஞ்சேனைக்கு ஒன்று, வெள்ளவத்தைக்கு இன்னொன்று

பெட்டியை உடைத்துத் தருவதற்கென்றே கொழும்பில் ஓர் இடம் இருக்கிறது. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் மொத்தக் கடைக்காரர் பெட்டியாக வாங்கி, ஆறாகவும் பன்னிரண்டாகவும் பிரித்துக் கொடுக்கிறார். அதற்காக விலையில் ஒரு கூடுதல் வைப்பார். அது அநியாயம் அல்ல. பெட்டியைப் பிரித்து, எண்ணி, மிச்சத்தைத் தம்மிடம் வைத்திருக்கும் வேலையை அவர் நமக்காகச் செய்கிறார். விநியோகஸ்தர் உடைக்க மறுப்பதும் இதே காரணத்தால்தான். உடைத்த பெட்டியை வானில் ஏற்றினால் எண்ண நேரம் வேண்டும், எண்ணிக்கையில் தகராறு வரும், மிச்சம் களஞ்சியத்தில் நிற்கும்.

கேள்வி, எவ்வளவு கூடுதல் கொடுக்கலாம் என்பது. 24 ஆக வாங்கினால் சராசரி இருப்பு 12, ஆறாக வாங்கினால் 3. வித்தியாசம் 9 போத்தல், 4,500 ரூபாய். ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் 900 ரூபாய். ஆண்டு விற்பனை 104 போத்தல். ஆக ஒரு போத்தலுக்கு 9 ரூபாய் வரை கூடுதல் கொடுக்கலாம். ஆனால் காசுத் தட்டுப்பாட்டில் உள்ள கடைக்கு அந்த 20 சதவீதம் பொருந்தாது. 150 ரூபாய்க் கட்டியில் 12 ரூபாய் இலாபம் தந்து வாரந்தோறும் சுழலும் காசு அது. மிகவும் அடக்கிச் சொன்னாலும் ஆண்டுக்கு 60 சதவீதம் என்று வைக்கலாம். அப்போது போத்தலுக்கு 26 ரூபாய் வரை கொடுப்பது கட்டுப்படியாகும்.

புறக்கோட்டைக் கடைக்காரர் 15 ரூபாய் கூட்டிக் கேட்கிறார் என்போம். வங்கியில் காசு உள்ளவருக்குப் பெட்டியே நல்லது. காசு இல்லாதவருக்கு உடைத்து வாங்குவதே நல்லது, போத்தலுக்கு 11 ரூபாய் மிச்சம். ஆறு போத்தலுக்கு 66 ரூபாய்.

இங்கேதான் இடம் குறுக்கே வருகிறது. கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் காலையில் முச்சக்கர வண்டியில் புறக்கோட்டை போய்வரலாம். செலவு 400 ரூபாய் என்றால், ஏழு வகைச் சரக்கை உடைத்து எடுத்தால் பயணம் கட்டிவிடும். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் போய்வர 1,500 ஆகும் என்றால், இருபத்துமூன்று வகை எடுத்தால்தான் கட்டும். அத்துடன் கடையை விட்டுப் போகும் அரை நாளும் இருக்கிறது. ஒரே நகரம், ஒரே பெட்டி, ஒரே விலை. ஆனாலும் ஒருவருக்குச் சரியான முடிவு மற்றவருக்குப் பிழை. வெள்ளவத்தைக் கடைக்காரர் அரிசியும் பருப்பும் எடுக்கப் போகும் நாளில் மட்டும் உடைத்த சரக்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அயற்கடைக்காரர் மூவரோடு சேர்ந்து ஒரு பெட்டியைப் பங்கிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, காலாவதியான சரக்கையும் உடைந்த சரக்கையும் விநியோகஸ்தர் மாற்றித் தருவது பில் உள்ளவருக்குத்தான். உடைத்து வாங்கியதற்கும் பங்கிட்டதற்கும் அந்த உரிமை பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே திகதி நெருங்கிய சரக்கைப் பங்கிடக்கூடாது. இரண்டாவது, பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் என்ற சலுகை வந்தால் கணக்கு மாறும். பதின்மூன்றைப் பன்னிரண்டின் விலைக்கு எடுத்தால் போத்தலுக்கு 38 ரூபாய் மிச்சம். அது 26 ஐ விடக் கூட. காசும் திகதியும் இடம் கொடுத்தால் அந்த வாரம் பெட்டியையே எடுக்கலாம். பெட்டி எப்போதும் பகை என்று நான் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் இதே கடைகளில் எப்படி விற்கின்றன என்று பாருங்கள். வேண்டிய அளவுக்கு நிறுத்து வாங்கி, வேண்டிய அளவுக்கு நிறுத்து விற்கிறார்கள். அவையும் மெல்ல ஓடும் சரக்குத்தான். முழுமையாக்கும் தொல்லை அங்கே இல்லாததால் அவற்றில் காசு முடங்குவதும் குறைவு.

6. மேலே போகும் பொய்ச் செய்தி

கடைசிக் கருத்து விநியோகஸ்தர்களுக்கு. ஒரு வீதியில் இதே போன்ற பன்னிரண்டு கடைகள். ஒவ்வொன்றும் வாரத்துக்கு இரண்டு போத்தல் விற்கின்றன. வீதியின் உண்மையான தேவை வாரத்துக்கு 24, சரியாக ஒரு பெட்டி. அது மாறுவதே இல்லை. ஆனால் ஒவ்வொரு கடையும் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்டி எடுப்பதால், விநியோகஸ்தருக்கு ஒரு வாரம் பூச்சியம், இன்னொரு வாரம் மூன்று என்று தெரியும். விலை ஏறப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினால் ஒரே வாரத்தில் பன்னிரண்டு பெட்டி போகும், பிறகு பன்னிரண்டு வாரம் ஒன்றும் போகாது. கேள்வி பெருகியது என்று முதலிலும், சரக்கு விழுந்தது என்று பிறகும் அவர் எண்ணுவார். இரண்டும் பொய்.

ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவர் 1997 இல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தப் பெருக்கத்துக்கு நாலு காரணங்களைக் கூறின. தொகுத்து ஓடர் போடுவது அவற்றில் ஒன்று. தட்டுப்பாட்டில் பங்கிட்டுக் கொடுக்கும்போது தேவைக்கு மேல் கேட்பது இன்னொன்று. இரண்டாவதையும் நாம் பார்த்துவிட்டோம். 2021 ஒக்டோபரில் பால்மாவின் உச்ச விலைக் கட்டுப்பாடு நீக்கப்படுவதற்கு முன் நீடித்த தட்டுப்பாட்டில், ஐந்து பெட்டி கேட்டால்தான் ஒன்று கிடைக்கும் என்று அறிந்த கடைக்காரர் ஐந்தாகவே கேட்பார். ஓடர் புத்தகத்தில் உள்ள அந்த ஐந்தை விற்பனை என்று படித்தால் யாரும் சரியாகத் திட்டமிட முடியாது.

ஆகவே விநியோகஸ்தர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைக்கு அனுப்பிய பெட்டியை எண்ணாதீர்கள், ரெப் போகும்போது தட்டில் மிஞ்சியதை எழுதச் சொல்லுங்கள். முந்திய இருப்பு, அனுப்பியது, இப்போதைய இருப்பு மூன்றும் இருந்தால் விற்பனை தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு, உடைத்த பெட்டி எந்தச் சரக்குக்கு வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாச் சரக்கையும் உடைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கடைகளில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும் பெட்டிகளுக்கு மட்டும் ஆறு போத்தல் உட்பொதி ஒன்றை வைத்தால் போதும். அதற்கு 10 ரூபாய் கூட்டிக் கேளுங்கள். காசில்லாத கடைக்காரர் அதை மகிழ்ச்சியோடு கொடுப்பார், அவருக்கு அதன் பெறுமதி 26.

கடைக்காரர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை ரெப் வரும்போது ஒவ்வொரு சரக்கின் பெயருக்கும் பக்கத்தில் அதன் பெட்டி எத்தனை நாளுக்கு என்று எழுதிவையுங்கள். ஏழுக்குக் கீழே உள்ளவற்றை முதலில் எடுங்கள், காசு அவற்றுக்கே முதலில் போகட்டும். முப்பதைத் தாண்டியவற்றைக் கடைசியில், மிஞ்சிய காசில் பாருங்கள். பல கடைகளில் இந்த வரிசை இன்று தலைகீழாக இருக்கிறது. விலையுயர்ந்த பெட்டிக்கு முதலில் தலையசைத்துவிட்டு, மிஞ்சியதில் சவர்க்காரம் எடுக்கிறார்கள். வரிசையை மாற்றுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பெட்டியின் அளவும் மாறத் தேவையில்லை.